எல்லாரும் தனித்தனியாகப் பகிர்ந்த குறிப்புகள்

பன்னிரண்டாம் தரத்தில் நாங்கள் வணிகப் பிரிவு. மாத்தளை நகரத்துக்குள் இருந்த தமிழ்ப் பாடசாலை. வகுப்பில் பாதிப் பேர் நகரத்துக் கடைக்காரர்களின் பிள்ளைகள், மீதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். பொருளியல் படிப்பிக்கும் சேர் குறிப்புச் சொல்ல ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். மூச்சு வாங்குவதற்குக்கூட அரைப்புள்ளி வரும் இடமாகப் பார்த்துத்தான் வாங்குவார். ஒரு நாள் வராமல் விட்டால் ஒரு பாடம் போய்விடும்.

ரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வருகிற பிள்ளை ஒருத்தி எங்கள் வகுப்பில் இருந்தாள். அவளை நாங்கள் எல்லாரும் ரத்தோட்டைக்காரி என்றே கூப்பிடுவோம். மழைக்காலத்தில் ஒருமுறை அவளுடைய பாதையில் மண் சரிந்து, பஸ் ஓடாமல், ஒரு வாரம் முழுக்க அவள் வரவில்லை. திரும்பி வந்தவள், தவறிப்போன கேள்வி நெகிழ்ச்சிக்கு, அதாவது விலை மாறும்போது வாங்குகிறவர்களின் தேவை எவ்வளவு மாறும் என்ற பாடத்துக்கு, வகுப்பு மொனிட்டரிடம் குறிப்புக் கேட்டாள்.

"எல்லாம் நம்ம குரூப்ல போட்டிருக்கு, போன்ல பாருங்க" என்றான் மொனிட்டர். எங்கள் வகுப்புக்கென்று போனில் ஒரு குழு இருந்தது. பாடசாலைக்குள் போன் கொண்டுவர முடியாது என்பதால் அவள் பாடசாலை விட்டுப் போகும் வழியில்தான் பார்த்தாள். மறுநாள் காலையில் வந்து எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"பார்த்தேங்க. யாரோ ஒருத்தருக்குப் பிறந்தநாள், கேக். இன்னொருத்தருக்குப் பிறந்தநாள், அதுக்கும் கேக். காலை வணக்கம், பூ. மறுபடியும் காலை வணக்கம், வேற பூ. ஒரு நாயைக் காணோமாம். கேள்வி நெகிழ்ச்சியை மட்டும் எங்கேயும் காணோம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அடங்கியதோடு நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அதற்கு முந்திய வாரம்தான் கணினி அறையில் டீச்சர் எங்களுக்கு ஒரு புதுமையைக் காட்டியிருந்தார். புரோகிராம் எழுதத் தெரியாதவர்களும் போனுக்குச் செயலி செய்யலாம். இணையத்தில் ஒரு தளம். சின்னப் பிள்ளைகள் விளையாடும் கட்டைகளைப் போல நிறம் நிறமாகக் கட்டளைகள் இருக்கும். ஒன்றை இழுத்து வந்து இன்னொன்றின் பள்ளத்தில் பொருத்தினால் சரி. "இந்தப் பொத்தானை அழுத்தினால்" என்று ஒரு கட்டை, அதன் வயிற்றுக்குள் "இந்த எழுத்தைக் காட்டு" என்று இன்னொரு கட்டை. நான் அன்று ஒரு பொத்தானை அழுத்தினால் 'வணக்கம்' என்று வரும்படி செய்திருந்தேன். டீச்சர் "நல்லா இருக்கு" என்றார். வகுப்பில் எல்லாருக்கும்தான் அப்படிச் சொன்னார். எனக்குச் சொன்னது மட்டும்தான் என் காதில் விழுந்தது.

ஆகவே நான் எழுந்து நின்றேன். "குறிப்புப் பகிர்றதுக்கு நான் ஒரு ஆப் செய்றேன்" என்றேன்.

என் பக்கத்து மேசைக்காரி அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய வாப்பாவுக்குக் கடைத்தெருவில் கறுவா, ஏலக்காய் வியாபாரம். எந்தப் பொருளையும் பார்த்தவுடன் தரம் சொல்லிவிடுவார். மகளுக்கும் அந்தக் குணம் இருந்தது.

"போன்ல அலாரம் வைக்கிறதே நான்தானே உனக்குக் காட்டித் தந்தேன்" என்றாள்.

கணினி டீச்சர் நல்லவர். பாடசாலை விட்ட பிறகு தினமும் கொஞ்ச நேரம் கணினி அறையைத் திறந்து வைத்தார். செய்ததைப் பார்ப்பதற்குத் தன் சொந்தப் போனையும் தந்தார். கணினித் திரையில் வருகிற கட்டம் கட்டமான குறியீட்டைப் போனால் படம் பிடித்தால், நாம் செய்துகொண்டிருக்கும் செயலி அப்படியே போனில் வந்து நிற்கும். இங்கே ஒரு பொத்தானைச் சிவப்பாக்கினால் அங்கேயும் சிவப்பாகும். இந்த வசதிதான் என்னைக் கெடுத்தது. முதல் வாரம் முழுவதும் நான் நிறம் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அடையாளப் படம் வரைந்தேன்: ஒரு புத்தகம், அதிலிருந்து கதிர்கள். டீச்சர் எட்டிப் பார்த்து, "தேசிக்காயை வெட்டி வச்ச மாதிரி இருக்கே" என்றார்.

அதற்குப் பிறகு வரவேற்பு. செயலியைத் திறந்ததும் ஏதாவது ஒலித்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. என் குரலிலேயே "வருக! வருக! அறிவைப் பகிர்வோம்!" என்று பேசிப் பதிவு செய்து சேர்த்தேன். திரை திறக்கும்போது ஒலியை இயக்கு என்று ஒரே ஒரு கட்டைதான். தமிழ்த்தினப் போட்டியில் மூன்றாமிடம் வந்த குரல் அது. அதை வீணாக்க எனக்கு மனம் வரவில்லை.

கடைசியில்தான் குறிப்புகளின் பக்கம் வந்தேன். அது ஆச்சரியமாக இலேசாக இருந்தது. முதல் தடவை ஆளின் பெயரைக் கேட்கும். பிறகு ஒரு எழுதும் பெட்டி, 'சேமி' என்று ஒரு பொத்தான், கீழே குறிப்புகளின் வரிசை. தளத்தில் 'தரவு சேமிப்பு' என்று ஒரு பகுதி இருந்தது. அதில் முதலாவதாக இருந்ததை எடுத்து வைத்தேன். பொத்தானை அழுத்தினால் எழுதியது வரிசையில் சேரும், அந்த வரிசை சேமிக்கப்படும். செயலியை மூடிவிட்டுத் திறந்து பார்த்தேன். எழுதியது அப்படியே இருந்தது. டீச்சரின் போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். டீச்சர் அதை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

சோதனை அவ்வளவுதான். ஒரே ஒரு போன், ஒரே ஒரு ஆள். பகிர்வதற்கென்று செய்த ஒன்றைச் சோதிக்க இரண்டாவது ஆள் வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வரவேயில்லை.

சனிக்கிழமை கணக்கீட்டு டியூஷன் மண்டபத்தில் வெளியீட்டு விழா. செயலியின் கோப்பை எப்படி எல்லாருக்கும் கொடுப்பது என்று யோசித்து, கடைசியில் நான் ஒழிக்க நினைத்த அதே வகுப்புக் குழுவில்தான் போட்டேன். அது கேக்குகளுக்கும் பூக்களுக்கும் நடுவே போய் விழுந்தது. நிறுவப் போனால், தெரியாத இடத்திலிருந்து வந்த செயலி, ஆபத்தாக இருக்கலாம் என்று போன் எச்சரித்தது. "அது சும்மா சொல்லும், அனுமதி குடுங்க" என்று வரிசை வரிசையாகப் போய்ச் சொன்னேன். மாமா வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விலையுயர்ந்த போன் வைத்திருந்த ஒருவனுக்கு மட்டும் அது ஏறவே இல்லை. அந்த வகைப் போனுக்கு இந்தக் கோப்பு சரிவராது. அன்று மட்டும் அவன் தன் போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான்.

அதற்குள் டியூஷன் சேர் வந்து ஐந்தொகைக் கணக்கை எழுதத் தொடங்கிவிட்டார். முன்வரிசையில் ஒருவன் ஆசை தாங்காமல் செயலியைத் திறந்தான். "வருக! வருக! அறிவைப் பகிர்வோம்!" என்று என் குரல் கேட்டது. சேர் திரும்பிப் பார்த்தார். பின்வரிசையில் இன்னொருத்தி, அதை அணைக்கிறேன் என்று தன்னுடையதைத் திறந்தாள். பிறகு ஜன்னலோரம். பிறகு நடுவில். ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு என் குரல் மண்டபத்தைச் சுற்றி வந்தது.

"யாருங்க அது, தேர்தலுக்கு நிக்கிறது?" என்றார் சேர்.

யாரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேவையும் இருக்கவில்லை, குரலே காட்டிக்கொடுத்தது.

என்றாலும் நான் மனம் தளரவில்லை. எல்லாருடைய போனிலும் என் செயலி. ஞாயிற்றுக்கிழமை கேள்வி நெகிழ்ச்சி பற்றி அழகாக ஒரு குறிப்பு எழுதிச் சேமித்துவிட்டு மற்றவர்களுடைய குறிப்புகளுக்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. திங்கள், செவ்வாய். என் குறிப்பு மட்டும் தனியாக நின்றது.

புதன்கிழமை மொனிட்டர் வெடித்தான். "நான் மட்டும்தான் எழுதணுமா? பொருளியல், வணிகக்கல்வி எல்லாத்தையும் ராத்திரி பகலா தட்டித் தட்டிப் போடுறேன். உங்கள்ல ஒருத்தர் ஒரு வரி போட்டிருக்கீங்களா?"

"நீ எங்க போட்ட? நான்தான் போட்டேன்" என்றாள் பக்கத்து மேசைக்காரி.

"பொய். நான் பார்த்தேன், ஒன்னுமே இல்ல."

"நான் மட்டும்தான் போட்டேன்" என்றான் ஜன்னலோரத்து ஒருவன்.

"நீங்க ரெண்டு பேரும் பொய். நான் மட்டும்தான்."

'நான் மட்டும்தான்' என்று சொல்பவர்களின் தொகை கூடிக்கொண்டே போனது. எனக்கும் அதே குறைதான். ஆனால் நான் செயலியின் தாய். ஆகவே நடுநிலையில் நின்று நியாயம் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். சேர் வராத ஒரு பாடவேளையில் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று பேசினேன். தொழினுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் மனம் வளராவிட்டால் பயனில்லை என்றேன். ஆப் கைகளைத்தான் இணைக்கும், இதயத்தை நாம்தான் இணைக்கவேண்டும் என்றேன். சுயநலம் என்ற சொல்லை நிறையப் பாவித்தேன். பேசி முடித்தபோது வகுப்பில் யாரும் யாரோடும் பேசுவதாக இல்லை.

அன்று பாடசாலை விட்டு பஸ் நிலையத்தில் ரத்தோட்டைக்காரியோடு நின்றேன். அவளுடைய பஸ் எப்போது வரும் என்று பஸ்காரருக்கே தெரியாது. அவள் தன் அண்ணனின் பழைய போனை ஒரு கடையில் கொடுத்து வைத்திருந்து, பாடசாலை விட்டதும் வாங்கிக்கொள்வாள்; அந்த வாரம் நானும் என்னுடையதை அங்கேதான் வைத்திருந்தேன். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டாளோ என்னவோ, ஆறுதலாகச் சொன்னாள்:

"மத்தவங்க என்ன சொன்னாலும் சரி, உன் ஆப் நல்லா இருக்கு. எங்க தோட்டத்து லயத்து வீட்டுல சிக்னலே வராது. குரூப் திறக்காது, ஒன்னும் திறக்காது. இது மட்டும் டக்குனு திறக்குது. எழுதினா உடனே சேவ் ஆகுது. ஒரு நிமிசம்கூட சுத்தல."

எனக்குக் கண் கலங்கும் போலிருந்தது. "அப்படியா? சிக்னல் இல்லாமலே வேலை செய்யுதா?" என்று பெருமையாகக் கேட்டேன்.

"டேட்டாவே போடுறதில்ல. அப்படியே போகுது."

பெருமை கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு, பஸ் நிலையத்து இரைச்சலுக்கு நடுவே, மிக மெதுவாக ஒரு யோசனை வந்தது. டேட்டா இல்லை. சிக்னல் இல்லை. அப்படியென்றால் அவள் சேமிப்பது எங்கே போகிறது? மற்றவர்கள் எழுதுவது அவளுக்கு எந்த வழியால் வரும்?

"உன் போனைக் கொஞ்சம் தா" என்றேன்.

அவளுடைய போனைத் திறந்தேன். பஸ் நிலையத்தில் என் குரல் எல்லாரையும் வரவேற்றது. கடலை விற்கிறவர் திரும்பிப் பார்த்தார். அவளுடைய வரிசையில் அவள் எழுதிய குறிப்புகள் மட்டும் இருந்தன. என்னுடையதை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதில் என்னுடையது மட்டும். இரண்டு போனும் ஒரு சாண் தூரத்தில் இருந்தன. ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது.

நான் தேர்ந்தெடுத்திருந்த சேமிப்பு, போனுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் சேமிப்பு. யாருடைய போனோ அதற்குள். அதன் விளக்கத்திலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. நான் அதன் பெயரை மட்டும் பார்த்து எடுத்திருந்தேன். கொப்பிகளை வாங்கி வகுப்பில் ஒவ்வொருவருக்கும் ஒன்று கொடுத்து, எழுதி உங்கள் பெட்டியில் பூட்டி வையுங்கள் என்று சொல்லிவிட்டு, ஏன் இன்னும் பகிரவில்லை என்று கரும்பலகைக்கு முன் நின்று திட்டியிருக்கிறேன்.

"என்னடி, முகம் ஒரு மாதிரி போகுது?" என்றாள் ரத்தோட்டைக்காரி.

சொன்னேன். அவள் சிரிக்க ஆரம்பித்து, பஸ் வந்து, ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீச்சரிடம் போனேன். அவர் சிரிக்கவில்லை; இருமினார். "இணையத்துல வைக்கிற சேமிப்பு ஒன்னு அதே இடத்துலதான் இருக்கு. மாத்திப் பாருங்க" என்றார். பழைய கட்டையை எடுத்துவிட்டு அதைப் பொருத்தினேன். இந்தத் தடவை புத்தி வந்து, டீச்சரின் போனையும் கணினி அறையில் இருந்த இன்னொரு பழைய போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சோதித்தேன். ஒன்றில் 'கேள்வி' என்று எழுதினேன்; மற்றதில் வந்தது. மற்றதில், கேள்விக்குச் சோடியாகச் சந்தைக்கு வரும் சரக்கைச் சொல்லும் 'நிரம்பல்' என்ற சொல்லை எழுதினேன். கேள்வி காணாமல் போய், இரண்டிலும் நிரம்பல் மட்டும் நின்றது.

"பொருளியலுக்கே விரோதமா இருக்கே" என்றார் டீச்சர்.

காரணம் பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு போனும் தன்னிடம் இருந்த வரிசையில் ஒன்றைச் சேர்த்து, முழு வரிசையையும் மேலே அனுப்பி, அங்கிருந்ததன் மேல் எழுதிவிட்டது. கடைசியாக அனுப்புகிறவர் மற்ற எல்லாரையும் அழித்துவிடுவார். இந்தச் செயலியை வகுப்புக்குக் கொடுத்திருந்தால் உண்மையாகவே அடிதடி நடந்திருக்கும். அந்தச் சேமிப்பின் கட்டைகளை மேலிருந்து கீழாக, இந்தத் தடவை விளக்கத்தையும் வாசித்துப் பார்த்தபோது, அங்கே இருக்கும் வரிசையின் கடைசியில் ஒன்றை மட்டும் சேர்ப்பதற்கென்றே தனியாக ஒரு கட்டை இருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் அனுப்பினாலும் இரண்டும் சேரும். அதைப் பொருத்தினேன். கேள்வியும் நிரம்பலும் ஒன்றாக நின்றன.

இனி வகுப்புக்குச் சொல்லவேண்டும். சுயநலத்தைப் பற்றிப் பேசிய அதே கரும்பலகைக்கு முன்னால் போய் நின்று, "எல்லாரும் எழுதியிருக்கீங்க. யாரும் பொய் சொல்லல. எழுதினது எல்லாம் அவங்கவங்க போன்லயே இருக்கு" என்றேன்.

முதலில் மொனிட்டர்தான் பேசினான்.

"அப்ப நான் எழுதினதெல்லாம் நான் வாசிக்கிறதுக்கு?"

"ஆமா."

"எனக்கு அது ஏற்கனவே தெரியுமே!"

வகுப்பு சிரித்தது. அந்த வாரத்தில் முதல் தடவையாக எல்லாரும் சேர்ந்து சிரித்தார்கள். நான் சிரிப்புக்குக் காரணமாக இருந்தேன் என்பதை ஒரு சாதனையாகவே எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் எழுதியதை வீணாக்கக்கூடாது என்று நினைத்தேன். பழைய செயலியை அழிக்காமல் அதன் மேலேயே புதியதை நிறுவினால் போனுக்குள் இருக்கும் பழைய குறிப்புகள் அப்படியே இருக்கும். ஆகவே புதியதில் 'பழையதை அனுப்பு' என்று ஒரு பொத்தான் வைத்தேன். போனில் இருக்கிற வரிசையை எடுத்து, அதிலுள்ள ஒவ்வொன்றையும் பெயரோடு பொது வரிசைக்கு அனுப்பும். வரவேற்புக் குரலை எடுத்துவிட்டேன். அதைக் கேட்டு யாரும் வருத்தப்படவில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை டியூஷன் தொடங்குவதற்கு முன் எல்லாரும் மண்டபத்தில் கூடினோம். புதியதை நிறுவினார்கள். "நான் சொன்னதும் எல்லாரும் பழையதை அனுப்பு பட்டனை அழுத்துங்க" என்றேன். ராக்கெட் விடுகிறவர்களைப் போல மூன்றிலிருந்து கீழே எண்ணினேன். அழுத்தினார்கள்.

திரை நிரம்பத் தொடங்கியது. மொனிட்டரின் பொருளியல். ஜன்னலோரத்துக்காரனின் வணிகக்கல்வி. பக்கத்து மேசைக்காரியின் கணக்கீட்டுக் குறிப்பு. பாடம் பாடமாக வந்துகொண்டே இருந்தது. மண்டபம் முழுவதும் 'ஆ' என்ற சத்தம். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு வேறு வகையானவை வந்தன.

ஒரு வாரம் முழுக்க யாருடைய குறிப்பையும் காணாமல், தாங்கள் எழுதுவதை யாரும் வாசிக்கவில்லை என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். வாசிக்க ஆளில்லாத இடத்தில் மனுஷர் எதையும் எழுதுவார்கள். பக்கத்து மேசைக்காரியின் பெயரில், 'உம்மா சொன்னது: பருப்பு, மாசிக் கருவாடு, தேங்காயெண்ணெய்' என்று வந்தது. பின்வரிசையில் ஒருவன் தனக்குத் தானே பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லியிருந்தான். பொருளியல் சேர் மூச்சு வாங்கும் விதத்தைப் பற்றி இரண்டு பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒரே பகிடியை எழுதியிருந்தார்கள்.

மொனிட்டரின் பெயரில் கடைசியாக வந்தது இது: 'இந்த ஆப் ஒரு கிணறு. கல்லைப் போட்டால் சத்தம்கூட வரவில்லை. செய்தவளுடைய சத்தம் மட்டும்தான் வருகிறது.'

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மொனிட்டர் காதுவரைக்கும் சிவந்துபோனான். "அழிச்சிருங்க, ப்ளீஸ், அழிச்சிருங்க" என்றான்.

அழிப்பதற்குப் பொத்தான் வைக்கவில்லை. நான் அதை நினைக்கவேயில்லை. என் உலகத்தில் யாரும் அழிக்கவேண்டிய எதையும் எழுதமாட்டார்கள். கணினி திங்கட்கிழமைதான் கிடைக்கும். அதுவரை அந்தக் கிணறு எல்லாருடைய போனிலும் இருக்கும்.

"பரவாயில்ல, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க" என்றேன் அவனிடம். அது உண்மை. நான் எழுதிய குறிப்புகள் எதிலும் இவ்வளவு சரியான உவமை இருக்கவில்லை.

அந்தச் சிரிப்புக்கு நடுவேதான் மூன்றாம் வரிசையில் எப்போதும் பேசாத ஒரு பிள்ளையின் பெயர் வந்தது. 'நெகிழ்ச்சி பாடத்தில் சேர் சொன்னதில் பாதி எனக்கு விளங்கவில்லை. யாருக்காவது விளங்கினால் சொல்லுங்க.' அதற்குச் சற்றுக் கீழே வேறு ஒருவனின் பெயரில் அதே கேள்வி. பிறகு இன்னொருத்தி. பிறகு, நம்பமாட்டீர்கள், மொனிட்டர். விளங்கியது போலத் தலையாட்டிக்கொண்டிருந்த பாதி வகுப்புக்கு அது விளங்கவில்லை. அதுவரை ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை என்று நினைத்திருக்கிறார்கள்.

அவற்றுக்கிடையில் ரத்தோட்டைக்காரியுடையவை இருந்தன. அவள் கணக்கீட்டுக் குறிப்பைத் தவிர ஒவ்வொரு நாளும் ஒரு வரி எழுதியிருந்தாள். 'இன்றைக்கு மழை. யாராவது இருக்கீங்களா?' 'குறிப்புப் போட்டிருக்கேன். யாராவது இருக்கீங்களா?' 'சும்மாதான் கேக்குறேன். இருக்கீங்களா?'

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். யாரும் அதற்குச் சிரிக்கவில்லை. பக்கத்து மேசைக்காரி தன் போனை எடுத்து ஏதோ தட்டினாள். எல்லாருடைய வரிசையின் அடியிலும் அவளுடைய பெயரில் ஒரு வரி புதிதாக வந்து நின்றது: 'இருக்கோம். பருப்பை மறந்துட்டேன், உம்மா அடிப்பா. ஆனா இருக்கோம்.'

அந்த ஒன்றைத்தான் நான் இன்றுவரை என் செயலி சரியாக வேலை செய்த முதல் தருணமாகக் கணக்கில் வைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை அழிக்கும் பொத்தானைச் சேர்த்தேன். எழுதியவர் தன்னுடையதை மட்டும் அழிக்கலாம். மொனிட்டர் கிணற்றை அழித்தான். ஆனால் அதற்குள் அது வகுப்பின் சொத்தாகிவிட்டது. நான் வகுப்புக்குள் வரும்போதெல்லாம் யாராவது மேசைக்கு அடியில் 'டொம்' என்று ஒரு சத்தம் போடுவார்கள். அந்த வாரமே பொருளியல் சேரிடம் மூன்றாம் வரிசைப் பிள்ளை எழுந்து, "சேர், நெகிழ்ச்சி எங்க ஒருத்தருக்கும் விளங்கல" என்றாள். எங்க ஒருத்தருக்கும் என்று அவளால் சொல்ல முடிந்தது. சேர் திகைத்துப்போய் மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். இந்தத் தடவை தேங்காய் விலையையும் உப்பு விலையையும் வைத்து.

ரத்தோட்டைக்காரிக்குச் சிக்னல் பிரச்சினை தீரவில்லை. அதற்காக, வருகிற குறிப்புகளின் ஒரு பிரதியைப் போனுக்குள்ளும் வைக்கும்படி பிறகு மாற்றினேன். அவள் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை திறந்துவிட்டு, வீட்டுக்குப் போய் நிதானமாக வாசிப்பாள்.

வகுப்பில் எல்லாரும் பாவித்தார்கள் என்று சொன்னால் பொய். பாதிப் பேர் சில வாரங்களில் பழையபடி குழுவுக்கே போய்விட்டார்கள். விலையுயர்ந்த போன்காரன் கடைசிவரை பக்கத்துப் போன்களை எட்டிப் பார்த்தே படித்தான். மீதிப் பேர் பரீட்சை வரை விடாமல் எழுதினார்கள்.

பதின்மூன்றாம் தரத்தில், எங்கள் இரண்டாம் வருடத்தில், எனக்குக் காய்ச்சல் வந்து பல நாட்கள் படுத்துக் கிடந்தேன். கொஞ்சம் தெளிந்ததும், தவறிய பாடத்தைப் பார்ப்போம் என்று என் செயலியைத் திறந்தேன். நான் அதை ஆயிரம் தடவை திறந்திருப்பேன். ஆனால் ஒரு குறிப்பு எனக்குத் தேவைப்பட்டுத் திறந்தது அன்றுதான். வரிசையின் உச்சியில் போன வருடத்துக் கேள்வி நெகிழ்ச்சி நின்றது. புதிய குறிப்புகள் எல்லாம் கடைசியில் சேர்வதால், நேற்றைய பாடத்துக்குப் போக ஒரு வருடத்துப் பாடங்களையும் தாண்டவேண்டும். தள்ளினேன். தள்ளினேன். விரல் வலித்தது. நடுவில் பருப்பும் மாசியும் வந்து போயின. பாதியில் கை தவறிச் செயலி மூடிக்கொண்டது. மறுபடியும் உச்சியிலிருந்து தொடங்கினேன்.

ஒருவழியாக அடிக்குப் போனபோது ரத்தோட்டைக்காரியின் குறிப்பு இருந்தது. சேர் சொன்னது ஒரு சொல் விடாமல். வாசித்து முடித்துவிட்டு அவளுக்கு போன் எடுத்தேன். அதிர்ஷ்டவசமாகச் சிக்னல் இருந்தது.

"புதுசு எல்லாம் அடியில வருதுடி. ஒவ்வொரு தடவையும் இவ்வளவு தூரம் தள்ளியா போறீங்க?"

"ஆமா."

"ஏன் யாரும் எனக்குச் சொல்லல? வரிசையைத் தலைகீழாக்க ஒரே ஒரு கட்டைதான் வேணும். ஒரு நிமிச வேலை."



"நீ வேணும்னுதான் அப்படிச் செஞ்சிருக்கேன்னு நினைச்சோம்" என்றாள். "பழைய பாடத்தையும் மறக்காம இருக்கணும்னு."

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், இருமல் வந்துவிட்டது.